இறுக்கிக் கட்டினால்தான் ஒழுக்கமா?

பெரம்பலூர், அரியலூர் இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டான பிறகு ஓய்வு பெற்றவள் நான். அறிவியல் டீச்சர். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசை வரிசையாகப் பெண் பிள்ளைகளின் தலைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைகளைப் பற்றித்தான் இன்றைய பதிவு.

ரெட்டைச் சடை, நடு வகிடு, மடித்துக் கட்டிய ரிப்பன். நம் ஊர்ப் பள்ளிகளில் இது சீருடை மாதிரியே ஆகிவிட்டது. தலைமுடியைக் கட்டிக்கொண்டு வா என்று பள்ளி சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பேன் பரவாது, எழுதும்போது கண்ணில் விழாது, ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கில் படாது. என் சண்டை ‘கட்டு’ என்பதோடு அல்ல, ‘இறுக்கிக் கட்டு’ என்பதோடுதான். இறுக்கம் ஒழுக்கத்தின் அடையாளம் என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அதற்கான விலையை அந்தப் பிள்ளைகளின் நெற்றி ஓரம் கொடுக்கிறது.

வீட்டிலும் இதற்குத் துணைக்கு ஒரு நம்பிக்கை உண்டு. “இறுக்கிப் பின்னுனாத்தாண்டி முடி நீளமா வளரும்” என்பாள் அப்பாயி. முடி வளர்வது மண்டைத் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில். வெளியே இருக்கும் முடி உயிரில்லாத நார். அதைப் பிடித்து இழுத்தால் வளர்ச்சி கூடாது. கயிறு கட்டி இழுத்தால் வெங்காயத் தாள் உயரமாகிவிடுமா? வேர்தான் ஆட்டம் காணும்.

நெற்றி ஓரம் மட்டும் ஏன் முதலில் போகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். கண்ணாடி முன் நின்று கூந்தலைப் பின்னால் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். உச்சியில் இருக்கும் முடி சற்றே வளைந்து படுத்துக்கொள்ளும். நெற்றி விளிம்பிலும் காதுக்கு முன்னாலும் இருக்கும் முடிதான் வெகுதூரம் வந்து முடிச்சில் சேர வேண்டும். முடிச்சு எவ்வளவு இறுகினாலும் அந்த இழுப்பு கடைசியில் போய் நிற்கும் இடம் அந்த விளிம்பு. அங்கே இருக்கும் முடியோ இயல்பிலேயே மெல்லியது. ஆக, பலம் குறைந்த இடத்துக்குத்தான் பாரம் அதிகம்.

ரெட்டைச் சடையில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. நடு வகிட்டிலிருந்து இரண்டு பக்கமும் எதிரெதிராக இழுப்பதால் வகிடும் ஒரு விளிம்பாகிவிடுகிறது. நாளாக ஆக வகிடு அகலமாகத் தெரியும். சடையை மடித்துக் காதுக்குப் பின்னால் கட்டும்போது அதன் கனம் முழுவதும் காதைச் சுற்றி இருக்கும் கொஞ்சம் முடியில் தொங்குகிறது. கனகாம்பரம் ரெண்டு முழம் வைத்தால் அந்தக் கனமும் அங்கேதான்.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு முடிக்கும் ஒரு சுற்று உண்டு. சில வருஷங்கள் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வில் இருக்கும், அப்புறம் உதிரும், அதே மயிர்க்காலில் புது முடி முளைக்கும். தினமும் இழுபடும் மயிர்க்கால் புண்பட்டு, வளர வேண்டிய காலத்திலேயே ஓய்வுக்குப் போய்விடுகிறது. அடுத்து முளைக்கும் முடி முன்பைவிட மெல்லியதாக வரும். அதற்கடுத்தது பூனை முடி. இழுப்பு வருஷக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் இருந்த இடத்தில் தழும்பு விழுந்துவிடும். தழும்பில் முடி முளைக்காது. இந்த நோயில் தெரிந்துகொள்ள வேண்டிய முதன்மையான விஷயம் இந்த இரண்டு கட்டங்கள்தான். முதல் கட்டத்தில் பிடித்தால் முழுக்கத் திரும்பும். இரண்டாம் கட்டத்தில் எது செய்தாலும் திரும்பாது.

இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். கிரீன்லாந்துப் பெண்கள் முடியை உச்சிக்கு இழுத்துக் கட்டியதால் நெற்றி ஓரம் வழுக்கை விழுந்ததை டிரெபிட்ச் என்பவர் 1907-லேயே எழுதி வைத்தார். உச்சியில் கொண்டை போடும் சீக்கிய ஆண்களிடம் இதே வழுக்கையை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இது பெண் நோயல்ல, கட்டும் நோய் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் பள்ளி மாணவிகளின் தலைகளைப் பரிசோதித்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே இறுக்கிப் பின்னும் வழக்கம் அதிகம். ஏறக்குறைய ஆறு மாணவிகளில் ஒருத்திக்கு இந்த இழுப்பு வழுக்கை இருந்தது.

இப்போது எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண். நல்ல அடர்த்தியான, இடுப்பு வரைக்கும் முடி. அம்மா காலையில் பருத்திக் காட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைக்கு ஏழே முக்காலுக்குப் பஸ். அதனால் ஆறரைக்கே தலை குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட, மேலே எண்ணெய் தடவி, சடையைப் பின்னி மடித்துக் கட்டிவிடுவார். எண்ணெய் வழுக்கும் என்பதால் இன்னும் ஒரு இழுப்பு. ஈர முடி காய்ந்த முடியைவிட அதிகம் நீளும், பலமும் குறைவு. அதனால் ஈரத்தில் பின்னும் கைக்கு எவ்வளவு இழுக்கிறோம் என்பதே தெரியாது. சாயங்காலம் வந்தும் அவிழ்ப்பதில்லை. படிப்பு, வீட்டுப்பாடம், தூக்கம் எல்லாம் அதே சடையோடு. மறுநாள் காலைதான் சீப்பு படும்.

பொங்கல் சமயத்தில் அந்த அம்மா என்னிடம் வந்தார். “டீச்சர், புள்ளைக்கு ஈறு போகவே மாட்டேங்குது. மூணு தடவை மருந்து போட்டாச்சு” என்றார். வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். காதோரத்திலும் நெற்றி ஓரத்திலும் முடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பார்வைக்கு ஈறு மாதிரியேதான் இருந்தது. ஆனால் ஒரு முடியைப் பிடித்து இரண்டு நகத்தால் மெதுவாக இழுத்தபோது அந்த வெள்ளை, பாசி மணி நூலில் நகர்வதுபோல் முடியின் நுனி வரை நழுவி வந்தது. ஈறு அப்படி வராது. பேன் தன் முட்டையைப் பசை வைத்து முடியின் ஒரு பக்கத்தில் ஒட்டும், நகத்தால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். இது முடியைச் சுற்றிக் குழாய் மாதிரி இருக்கும் தோல் உறை. இழுபடும் மயிர்க்காலிலிருந்து உரிந்து முடியோடு வெளியே வருவது. இழுப்பு தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. பேன் மருந்துக்கு அது எப்படிப் போகும்?

பிறகு நெற்றியைப் பார்த்தேன். விளிம்பில் ஒரு வரிசை குட்டை முடி அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்கு முடி அடர்த்தி குறைந்து தோல் தெரிந்தது. இது இந்த நோயின் கையெழுத்து. விளிம்பில் இருக்கும் குட்டை முடி சடைக்குள் எட்டாது, அதனால் இழுபடாது, தப்பித்துவிடும். அதற்கடுத்த வரிசைதான் அடிபடும். காதோரத்தில் வியர்க்குரு மாதிரி சின்னச் சின்னப் பருக்கள் வேறு. “சாயங்காலம் ரிப்பனை அவுத்தா எப்படி இருக்கும்?” என்று பிள்ளையைக் கேட்டேன். “அப்பாடான்னு இருக்கும் மிஸ். ஆனா முடிய அசைச்சா வேர் வலிக்கும்” என்றாள். அந்த வலியை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

வேறு முடி உதிர்வுகளோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. புழுவெட்டு என்றால் வட்டமாக, வழவழவென்று, தலையில் எங்கே வேண்டுமானாலும் வரும். படை என்றால் செதில் உரியும், அரிக்கும். ரத்தசோகையாலோ காய்ச்சலுக்குப் பிறகோ பிரசவத்துக்குப் பிறகோ கொட்டினால் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டும். இழுப்பு வழுக்கை சடை காட்டும் வரைபடத்திலேயே இருக்கும். எங்கே இழுக்கிறதோ அங்கே மட்டும்.

அந்த அம்மா அடுத்துக் கேட்டது, “சின்ன வெங்காயம் அரைச்சுத் தேய்க்கட்டுமா?” என்று. செட்டிக்குளம் பக்கத்து மனிதர்களுக்கு எதற்கும் சின்ன வெங்காயம்தான் முதல் வைத்தியம். வெங்காயச் சாற்றைப் புழுவெட்டுக்குத் தடவிப் பார்த்துப் பலன் சொன்ன ஓர் ஆய்வு 2002-இல் பாக்தாத்திலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் புழுவெட்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடியையே தாக்குவதால் வருவது. இதுவோ கையால் இழுத்து வருவது. இழுப்பை நிறுத்தாமல் எதைத் தேய்த்தாலும், ஏற்கெனவே புண்பட்ட தோலில் எரிச்சல்தான் மிஞ்சும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பதும் அப்படித்தான். மொட்டையால் மயிர்க்கால் ஒன்றும் கூடாது. முடி வளரும் வரைக்கும் யாரும் இழுத்துக் கட்ட முடியாது என்ற ஒரே நன்மைதான் அதில் உண்டு.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். தலை குளிப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். காலையில் காய்ந்த தலையில் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுத்து, சடையின் முதல் மூன்று பின்னலைத் தளர்வாக விட்டு, கழுத்துக்குக் கீழே வந்த பிறகு கொஞ்சம் இறுக்கினோம். சடை அவிழாமல் நிற்பதற்குக் கீழே இருக்கும் பிடிப்பே போதும். வேரில் பிடிப்பு தேவையில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வெறும் ரப்பர் பேண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, துணி சுற்றிய ரப்பரை இரண்டே சுற்று. ரிப்பன் சடையின் நுனியில். சடையை மடிக்கவில்லை. காதோரம் முடியை இழுத்துப் பிடித்திருந்த டிக் டிக் கிளிப்பும் போனது. வீட்டுக்கு வந்த உடனே அவிழ்த்து விடுவது, ராத்திரி தூங்கும்போது தளர்வாக ஒரே சடை. வாரம் ஒரு முறை வகிட்டை இடம் மாற்றுவது.

கட்டியது சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. கட்டி முடித்ததும் பிள்ளையைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தோல் பிடித்து இழுத்தால், கண்ணோரம் மேலே ஏறினால், இறுக்கம் அதிகம். நெற்றி ஓரத்து முடிக்கு அடியில் சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும். முடியின் அடியில் தோல் கூடாரம்போல் சின்னச் சின்னதாக எழும்பி நின்றால் உடனே அவிழ்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலி. “கொஞ்ச நேரத்துல பழகிடும்” என்று சொல்லும் வலியைத்தான் நம்பக் கூடாது. பழகுவது பிள்ளைதான், மயிர்க்கால் அல்ல.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே வாசலில், அதே வெளிச்சத்தில் நெற்றியை போட்டோ எடுக்கச் சொன்னேன். தினமும் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் தெரியாது, மனசுதான் சோரும். முதல் மாதத்திலேயே பருக்களும் வெள்ளை உறைகளும் போய்விட்டன. ஆனால் முடி வரவில்லை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் அந்த அம்மா நம்பிக்கை இழந்துதான் இருந்தார். ஓய்வுக்குப் போன மயிர்க்கால் எழுந்திருக்க அத்தனை நாளாகும். ஏப்ரலில் பூனை முடி தெரிந்தது. முடி வளரும் வேகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஆயுத பூஜை சமயத்தில் அந்த இடத்தில் விரல் நீளத்துக்குக் கறுப்பு முடி. இடது பக்கம் முழுசாக அடைத்துவிட்டது. வலது காதோரத்தில் மட்டும் இன்னும் சற்று மெலிவு.

அந்தப் பெண்ணுக்கு ஓர் அக்கா. கல்லூரி முடித்து, ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அதே சடை, பிறகு வேலையில் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நெற்றியை வழித்து இழுத்த கொண்டை, அதற்கு மேல் வலை. அவளுக்கும் இதையெல்லாம் செய்தோம். அவள் நெற்றி ஓரத்துத் தோல் பளபளவென்று, முடி முளைக்கும் துளைகளே தெரியாமல் இருக்கிறது. அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் பார்த்த டாக்டர், ஓரங்களில் மிச்சமிருக்கும் முடியைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். வரன் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நெற்றியை. அவள் இப்போது முன்முடியைச் சரித்துப் போட்டு மறைத்துக்கொள்கிறாள். ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே சீப்பு. வித்தியாசம் எட்டு வருஷம்தான்.

இந்த எட்டு வருஷத்தைப் பற்றித்தான் நான் பள்ளிகளிடம் பேச வருகிறேன். தங்கைக்குச் சடையைத் தளர்த்திய முதல் வாரமே வகுப்பில் நிற்க வைத்துவிட்டார்கள். “என்ன, தலைய அவுத்துப் போட்டுட்டு வந்திருக்க?” என்று கேள்வி. அவிழ்க்கவில்லை, மடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்த் தலைமையாசிரியையிடம் பிள்ளையின் நெற்றியைக் காட்டினார். அவர் பார்த்த உடனே புரிந்துகொண்டார், நல்ல மனுஷி. ஆனால் எத்தனை அம்மாக்களால் கூலியை விட்டுவிட்டுப் போக முடியும்?

‘அப்படியானால் ஒரே மாதிரி இருப்பது போய்விடுமே’ என்று சக ஆசிரியைகள் சிலர் கேட்டார்கள். ஒரே மாதிரி இருக்கட்டும். ரிப்பன் நிறம் ஒன்றாக இருக்கட்டும், முடி கட்டியிருக்கட்டும். ஆனால் ஒற்றைச் சடையோ ரெட்டைச் சடையோ, மடித்ததோ மடிக்காததோ, அது தலையின் அளவையும் முடியின் கனத்தையும் பொறுத்தது. குட்டை முடிப் பிள்ளை மடித்துக் கட்டினால் ஒன்றும் ஆகாது. இடுப்பு வரை இருக்கும் பிள்ளை மடித்தால் அத்தனை கனமும் காதோரத்தில். எல்லோருக்கும் ஒரே அளவுச் செருப்பு கொடுப்போமா?

பேனுக்குப் பயம் என்பார்கள். பேன் தலைக்குத் தலை ஒட்டும்போது ஏறும். முடி கட்டியிருந்தால் போதும், வேர் வலிக்கக் கட்டியிருக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் அம்மாச்சிகள் அள்ளி முடிந்த கொண்டையில் ரப்பர் இல்லை. முடியைக் கையில் சுற்றி, அதன் நுனியை அதற்குள்ளேயே சொருகி, பிடரியில் தொங்க விட்டார்கள். நெற்றி ஓரம் தளர்வாகவே இருந்தது. வேலை செய்யச் செய்ய அவிழும், மறுபடி முடிவார்கள். ஒவ்வொரு முறையும் இடம் சற்று மாறும். அந்த மாற்றம்தான் நல்லது. நின்று வேலை பார்க்கும் நர்ஸ் பிள்ளைகளும் கடைப் பிள்ளைகளும் ரப்பருக்குப் பதிலாகப் பெரிய கிளிப்போ கொண்டை ஊசியோ வைத்து, கொண்டையைப் பிடரிக்கு இறக்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை அவிழ்த்துக் கட்டினாலே பாதி இழுப்பு போகும். சடங்குக்கும் கல்யாணத்துக்கும் சவுரி வைத்துப் பூச்சடை தைப்பது ஒரு நாள் கூத்து, அதனால் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் ஏற்கெனவே நெற்றி ஓரம் மெலிந்திருந்தால் அந்தக் கனத்தையும் தவிர்ப்பதே நல்லது.

மூன்று நான்கு மாதம் தளர்வாகக் கட்டியும் பூனை முடிகூடத் தெரியவில்லை என்றாலோ, சீழ் வைத்தாலோ, தோல் பளபளத்தாலோ தோல் டாக்டரைப் பாருங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, திருச்சிக்கு ஓட வேண்டியதில்லை. வீக்கத்தைக் குறைக்கவும் முடியைத் தூண்டவும் அவர்களிடம் மருந்து உண்டு. மருந்துக் கடையில் கேட்டு நீங்களே வாங்கிப் போடாதீர்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது விதிமுறைச் சீட்டு ஒன்று வீட்டுக்கு வரும். அதில் ‘இரட்டைச் சடை மடித்துக் கட்டி வர வேண்டும்’ என்று இருக்கும் வரியை அடித்துவிட்டு, ‘தலைமுடியை வலிக்காமல் கட்டி வர வேண்டும்’ என்று போட்டால் பள்ளிக்கு ஒரு பைசா செலவில்லை.